அம்மப்பாவுக்கு முதற்படம்: மூன்று தெரிவுகளும் ஒரு முடிவும்

இணையம் வழியாகத் தொலைக்காட்சியில் படம் பார்க்க என் தந்தையைப் பழக்குவது என்று வீட்டில் முடிவானதும், எந்தப் படத்தில் தொடங்குவது என்பதில் மூன்று பேருக்கு மூன்று எண்ணம் இருந்தது. பன்னிரண்டு வயது மகள் ‘காக்கா முட்டை’ என்றாள். கனடாவில் இருக்கும் தம்பி தொலைபேசியில் ‘பொன்மணி’ என்றான். நான் ‘தில்லானா மோகனாம்பாள்’ என்றேன். இணுவிலில் எங்களோடு இருக்கும் தந்தைக்கு எழுபத்தேழு வயது. சங்கக்கடை மனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். “ஏதாவது ஒன்றைப் போடுங்கள், பிள்ளை ரசித்தால் போதும்” என்பதற்கு மேல் அவர் எதுவும் சொல்லவில்லை. அப்படிச் சொல்பவருக்குப் படம் தெரிவு செய்வது எளிதல்ல. அவருக்கு எது பிடிக்கும் என்பதோடு, எந்தப் படத்தை வைத்து ரிமோட்டைப் பிடிக்கப் பழகினால் அவருக்குச் சலிப்பு வராது என்பதையும் பார்க்க வேண்டியிருந்தது.

எந்தத் தளம் என்பதில் அதிகம் யோசிக்கவில்லை. தம்பி தன் கட்டணக் கணக்கின் கடவுச்சொல்லைத் தர முன்வந்தான். ஆனால் ஒரே கணக்கை வெவ்வேறு வீடுகள் பகிர்வதை நெட்பிளிக்ஸ் 2023 முதல் கட்டுப்படுத்திவிட்டது. கட்டணத் தளங்களின் படப்பட்டியலும் நாம் எந்த நாட்டிலிருந்து பார்க்கிறோம் என்பதைப் பொறுத்து மாறும். கனடாவில் தம்பியின் திரையில் தெரியும் படம் யாழ்ப்பாணத்தில் எங்கள் திரையில் தெரியாமல் போகலாம். பழைய தமிழ்ப் படங்கள் யூடியூபில் இலவசமாகவே நிறைய இருக்கின்றன. இடையில் விளம்பரம் வரும் என்பதுதான் குறை. பழகும் காலத்தில் பணம் கட்டிவிட்டோமே, பார்த்தாக வேண்டுமே என்ற எண்ணம் அவருக்கு வரக்கூடாது என்பதாலும் யூடியூபையே எடுத்துக்கொண்டோம்.

மகள் சொன்ன படத்தை முதலில் பார்ப்போம். ‘காக்கா முட்டை’ எம். மணிகண்டன் இயக்கி 2015 இல் திரைக்கு வந்தது. சென்னையின் குடிசைப் பகுதியொன்றில் வாழும் இரண்டு சகோதரர்கள், தாங்கள் விளையாடிய இடத்தில் திறக்கப்பட்ட கடையின் பீட்சாவை ஒருமுறை சுவைத்துப் பார்க்க ஆசைப்படுகிறார்கள். ரயில் பாதையோரம் சிந்திக் கிடக்கும் கரியைப் பொறுக்கி விற்றுக் காசு சேர்க்கிறார்கள். சிறந்த சிறுவர் படத்துக்கான இந்திய தேசிய விருது அதற்குக் கிடைத்தது. நீளம் இரண்டு மணி நேரத்துக்கும் குறைவு. ஒரே மாலையில் முடிந்துவிடும். யாழ்ப்பாண நகரிலும் பீட்சாக் கடை வந்துவிட்டபடியால் மகளுக்கு அந்த ஆசையை விளக்க வேண்டியதில்லை. படம் நல்ல படம் என்பதில் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை.

தயங்க வைத்தது அதில் வரும் பேச்சு. குப்பத்துப் பிள்ளைகளின் சென்னைத் தமிழ் வேகமானது. எங்கள் ஊர்க் காதுக்கு அதில் பாதிச் சொற்கள் புதியவை. வயதானவர்களின் கேட்கும் திறன் எல்லா ஒலிகளிலும் ஒரே அளவாகக் குறைவதில்லை. முதலில் நழுவுவது உயர்ந்த அதிர்வெண் ஒலிகள். உயிரொலிகள் கேட்கும், சொல்லைச் சொல்லிலிருந்து பிரித்துக் காட்டும் மெய்யொலிகள், அதிலும் ‘ச’, ‘த’ போன்றவை, மங்கிவிடும். அதனால்தான் என் தந்தை “சத்தம் கேட்கிறது, என்ன சொல்கிறார்கள் என்றுதான் விளங்கவில்லை” என்கிறார். ஒலியைக் கூட்டினால் பின்னணி இசையும் தெரு இரைச்சலும் சேர்ந்தே கூடும். தெரிந்த கதையாக இருந்தால் விட்ட சொல்லை மனமே நிரப்பிக்கொள்ளும். தெரியாத கதையில், பழகாத வழக்கில், ஒரு வசனம் தவறினால் அடுத்த காட்சியும் தவறும். அப்போது அவர் பின்னால் நகர்த்திப் பார்க்க வேண்டும். அதைச் செய்யத்தான் அவருக்கு இன்னும் தெரியாது. துணைவசனம் இருந்தாலும் இத்தகைய படங்களுக்குக் கிடைப்பது பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான். எழுத்தைப் பார்ப்பதா முகத்தைப் பார்ப்பதா என்று அவர் தடுமாறுவார்.

இன்னொரு காரணமும் இருந்தது. அந்தப் படத்தில் ஒரு பாட்டி வருகிறாள். பேரன்களுக்காகத் தோசைக்கல்லில் பீட்சா சுட்டுக் கொடுக்கிறாள், பிறகு இறந்துபோகிறாள். என் தாய் போன ஆண்டுதான் காலமானார். அம்மம்மா சுட்ட தோசையைச் சாப்பிட்டு வளர்ந்த பிள்ளையும், அவரோடு வாழ்ந்த மனிதரும் பக்கத்தில் பக்கத்தில் இருந்து அதைப் பார்ப்பதில் பிழை ஒன்றும் இல்லை. ஆனால் எந்தப் பொத்தான் எதற்கு என்று தேடிக்கொண்டிருக்கும் மாலைக்கு அது உரிய காட்சி இல்லை. அழுகை வந்தால் அழ இடம் வேண்டும். அந்த நேரத்தில் கையில் ரிமோட் இருக்கக்கூடாது.

தம்பி சொன்ன ‘பொன்மணி’யை நான் எளிதில் ஒதுக்கவில்லை. சிங்கள சினிமாவின் முக்கிய இயக்குநர்களில் ஒருவரான தர்மசேன பத்திராஜ, காவலூர் ராஜதுரையின் எழுத்தில் 1977 இல் தந்த படம் அது. பத்திராஜ யாழ்ப்பாணத்தில் விரிவுரையாளராக இருந்தவர். சீதனத்தையும் சாதியையும் இவ்வளவு நேராகப் பார்த்த படம் எங்கள் மண்ணிலிருந்து அரிதாகவே வந்திருக்கிறது. மூத்தவளுக்குச் சீதனம் சேராமல் கல்யாணம் தள்ளிப்போகும் வீட்டில், இளையவள் வேறு சாதி இளைஞனை விரும்புகிறாள். யாழ்ப்பாணத்து முகங்களையும் வெளிகளையும் திரையில் காண வேண்டும் என்றால் பார்க்க வேண்டிய படம் இதுதான். “அம்மப்பா வாழ்ந்த காலத்தைப் பிள்ளை பார்க்கட்டும்” என்று தம்பி சொன்னதில் நியாயம் இருக்கிறது. வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு அந்தப் படம் மீது இருக்கும் ஏக்கமும் எனக்குப் புரிகிறது.

ஆனால் ‘பொன்மணி’ நிதானமாக நகரும் படம்; துயரத்தில் முடியும் படம். பாட்டு, சிரிப்பு, சண்டை என்று வளர்ந்த சிறுமிக்கு அதன் மௌனங்களை யாராவது கூட இருந்து சொல்ல வேண்டும். அதோடு அக்காலத்து இலங்கைத் தமிழ்ப் படங்களின் நல்ல பிரதிகள் கிடைப்பதே அரிது. இணையத்தில் அகப்படுபவை பெரும்பாலும் பல கை மாறிய பழைய ஒளிநாடாவிலிருந்து எடுத்தவை. படம் கலங்கியிருக்கும், ஒலி அமுங்கியிருக்கும். புதிதாகப் பழகுகிறவர் அப்படியொரு பிரதியைப் பார்த்தால் குற்றம் பிரதியில் என்று நினைக்க மாட்டார். தான் எதையோ தவறாக அழுத்திவிட்டேன் என்றுதான் நினைப்பார். என் தந்தை அப்படி நினைக்கக்கூடியவர். சாதியைப் பற்றிப் பேரப்பிள்ளை கேட்கப் போகும் கேள்விகளுக்கு அவர் ஆறுதலாக விடை சொல்ல வேண்டும். அதற்குப் படத்தை நிறுத்தி வைத்துப் பேசும் பழக்கம் முதலில் கைக்கு வர வேண்டும்.

‘தில்லானா மோகனாம்பாள்’ 1968 இல் ஏ.பி. நாகராஜன் இயக்கத்தில் வந்தது. கொத்தமங்கலம் சுப்பு ஆனந்த விகடனில் எழுதிய தொடர்கதைதான் மூலம். நாதஸ்வர வித்துவான் சிக்கல் சண்முகசுந்தரமாகச் சிவாஜி, நாட்டியக்காரி மோகனாவாகப் பத்மினி, தவில்காரராகப் பாலையா, வைத்தியாக நாகேஷ், ஜில் ஜில் ரமாமணியாக மனோரமா. திரையில் சிவாஜி ஊதுவதாகத் தெரியும் நாதஸ்வரத்தை உண்மையில் வாசித்தவர்கள் மதுரை எம்.பி.என். சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள். நீளம் மூன்று மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. முதற்படத்துக்கு இவ்வளவு நீளமா என்று மகள் கேட்டாள். மூன்றில் இது மிக நீளமானது என்பதையே நான் அதற்குச் சாதகமாக எடுத்துக்கொண்டேன். ஒரே இருப்பில் முடியாத படம் என்றால் நிறுத்த வேண்டும், மறுநாள் விட்ட இடத்திலிருந்து தொடர வேண்டும். அம்மப்பா கற்க வேண்டியவற்றில் முதன்மையானது அதுதான். அந்த வசதி தியேட்டரில் இருந்ததில்லை, டெக் வாடகைக்கு எடுத்து ஊரே விடிய விடிய மூன்று படம் பார்த்த காலத்திலும் இருந்ததில்லை. நாம் எழும்பிப் போனால் படம் நமக்காகக் காத்திருக்கும் என்பதை அவர் நம்பப் பழக வேண்டியிருந்தது.

பேச்சு விஷயத்திலும் இந்தப் படம் வசதியானது. அக்காலத்து நடிகர்கள் நாடக மேடையில் பயின்றவர்கள். சொல்லை முழுதாக உச்சரிப்பார்கள். வசனம் ஓடும்போது பின்னணி இசை ஒதுங்கி நிற்கும். போதாக்குறைக்கு அம்மப்பாவுக்குக் கதை தெரியும். இளமையில் யாழ்ப்பாண நகரத் தியேட்டரில் பார்த்தவர். இடையில் கைதவறிப் பத்து நிமிடம் முன்னால் போனாலும் எந்த இடத்தில் நிற்கிறோம் என்று அவரே சொல்லிவிடுவார். பாட்டுகள் இடைக்கிடை இருப்பதால் படத்துக்குள் அடையாளக் கற்கள் நட்டு வைத்தது போல இருக்கிறது: ‘நலந்தானா’வுக்கு முன்னால், ‘மறைந்திருந்தே பார்க்கும்’ பாட்டுக்குப் பின்னால் என்று இடம் குறித்துத் தேடலாம்.

எனக்கு இவற்றையெல்லாம் விடப் பெரிய காரணம் வேறொன்று. ரிமோட் விஷயத்தில் ஆசிரியை பேத்திதான், அதில் மாற்றமில்லை. படமும் அவள் உலகத்துப் படமாக இருந்தால் அம்மப்பா இரண்டு பக்கமும் மாணவராகிவிடுவார். கதையையும் கேட்க வேண்டும், பொத்தானையும் கேட்க வேண்டும். இரண்டு தடவை கேட்பார். மூன்றாவது தடவை கேட்காமல் தலையாட்டுவார். அடுத்த வாரம் “நீங்கள் பாருங்கள், நான் பேப்பர் பார்க்கிறேன்” என்று முன் விறாந்தைக்குப் போய்விடுவார். எத்தனையோ வீடுகளில் முதியவர்கள் இப்படித்தான் விலகிப்போகிறார்கள். ‘தில்லானா’ என்றால் கணக்குச் சரியாகும். இணுவிலும் அளவெட்டியும் நாதஸ்வரமும் தவிலும் வாழ்ந்த ஊர்கள். தெட்சணாமூர்த்தியின் தவிலையும் என்.கே. பத்மநாதனின் நாதஸ்வரத்தையும் கோயில் வீதியில் மணலில் இருந்து கேட்டவர் என் தந்தை. மகள் பள்ளிக்கூடத்தில் மிருதங்கம் பழகுகிறாள். திரையில் நடப்பதைச் சொல்லிக் கொடுக்க அவரிடம் நிறைய இருக்கிறது, கேட்க அவளுக்குக் காரணமும் இருக்கிறது. இதைச் சொன்னதும் மகள் தன் படத்தைத் தானே இரண்டாம் இடத்துக்கு நகர்த்திவிட்டாள்.

படத்தைத் தெரிவு செய்தது பாதி வேலை. அதில் எந்தப் பிரதி என்பது மீதி. `Thillana Mohanambal` என்று மகள் தேடியதும் ஒரே படம் பல நீளங்களில், பல பெயர்களில் வரிசையாக வந்தது. நான் முதலில் பார்த்தது நீளத்தை. இரண்டு மணி நேரம் என்று காட்டும் பிரதியில் எதையோ வெட்டியிருக்கிறார்கள். பெரும்பாலும் பாட்டும் நகைச்சுவையும்தான் போயிருக்கும். அடுத்துப் பார்த்தது முகங்களை. அக்காலத்துப் படங்களின் சட்டம் இன்றைய அகலத் திரையை விடச் சதுரமானது. அதை நிரப்புவதற்காகப் பக்கவாட்டில் இழுத்திருந்தால் எல்லோரும் குண்டாகத் தெரிவார்கள். மேலும் கீழும் வெட்டியிருந்தால் நெற்றி அறுந்துபோகும், நாட்டியத்தில் பாதம் தெரியாது. இருபக்கமும் கறுப்புப் பட்டை விட்ட பிரதிதான் பெரும்பாலும் சரியானது. அம்மப்பாவுக்கு அந்தப் பட்டை முதலில் உறுத்தியது. பத்மினியின் கால் தெரியும் பிரதியையும் தெரியாத பிரதியையும் அடுத்தடுத்துக் காட்டியதும் பட்டை இருக்கட்டும் என்றார்.

பிறகு ஒலி. திருட்டுத்தனமாக ஏற்றுகிறவர்கள் உரிமையாளரின் தானியங்கிச் சோதனையில் சிக்காமல் இருக்கச் சுருதியைச் சற்றே மாற்றிவிடுவதுண்டு; படத்தை இடம்வலம் திருப்பிப் போடுவதும் உண்டு. திரையில் எழுத்து இடம்வலம் மாறித் தெரிந்தால் உடனே கண்டுபிடிக்கலாம். சுருதி மாறியதைக் காதுதான் சொல்ல வேண்டும். ஒரு பிரதியில் நாதஸ்வரம் தொடங்கியதுமே அம்மப்பா, “இது சரியான சுருதி இல்லை, கொஞ்சம் ஏறிக் கிடக்கிறது” என்றார். அதை ஒதுக்கினோம். பேத்தி அவரைத் திரும்பிப் பார்த்த பார்வையில் மரியாதை கூடியிருந்தது. கடைசியில், உரிமை பெற்றுப் பழைய படங்களை வெளியிடும் அலைவரிசை ஒன்றின் முழு நீளப் பிரதியை எடுத்துக்கொண்டோம்.

டேட்டா கணக்கு அம்மப்பாவின் கேள்வி. சங்கக்கடையில் கணக்குப் பார்த்தவர் அல்லவா? தோராயமாகச் சொன்னால், 480p தரத்தில் ஒரு மணி நேரத்துக்கு அரை முதல் முக்கால் ஜிகாபைட் போகும். 1080p என்றால் மூன்று ஜிகாபைட் வரை போகலாம். ஆகவே இதே படத்துக்கு ஒரு வழியில் இரண்டு ஜிகாபைட், மற்ற வழியில் ஒன்பதுக்குக் கிட்ட. பழைய பிரதி 1080p என்று பெயர் போட்டிருந்தாலும் மூலத்தில் இல்லாத தெளிவு அதில் வந்துவிடாது. 480p இலேயே வைத்தோம். மாலையில் எங்கள் தெருவில் இணையம் மெதுவாகும்போதும் அது தடங்கலில்லாமல் ஓடியது.

ரிமோட்டில் நான்கு விஷயங்கள் போதும் என்று மகள் தீர்மானித்தாள். நடுப்பொத்தான் நிறுத்தும், மறுபடி அழுத்தினால் ஓடும். இடது அம்பு பத்து விநாடி பின்னால், வலது அம்பு பத்து விநாடி முன்னால். ஒலிக்கு இரண்டு பொத்தான். வளைந்த அம்பு படத்தை விட்டு வெளியே கொண்டுபோகும், அதைத் தொட வேண்டாம். ஆனால் அவர் முதலில் தொட்டது அதைத்தான். பின்னால் போக வேண்டும் என்று நினைத்தார், வளைந்த அம்பும் பின்னால் போவது போலத்தானே இருக்கிறது? படம் மறைந்து, சின்னச் சின்னப் படங்கள் நிறைந்த பக்கம் வந்தது. “போச்சு, குழப்பிவிட்டேன்” என்று ரிமோட்டைக் கீழே வைத்தார். மகள் அதைத் தன் கையில் வாங்கவில்லை. நான் மெச்சியது அதைத்தான். “அம்மப்பா, நம்முடைய படத்தின் கீழே சிவப்புக் கோடு தெரிகிறதா? அந்த அளவுக்குப் பார்த்துவிட்டோம் என்று அர்த்தம். அந்தப் படத்தின் மேல் போய் நடுப்பொத்தானை அழுத்துங்கள்” என்றாள். அழுத்தினார். விட்ட இடத்திலிருந்தே படம் ஓடியது. அந்தச் சிவப்புக் கோடு வேண்டும் என்றால் கணக்கில் உள்நுழைந்திருக்க வேண்டும், `History` நிறுத்தப்படாமல் இருக்க வேண்டும். அவருக்கென்று தனிக் கணக்கு வைத்ததும் நல்லதாயிற்று. மகள் பார்க்கும் விளையாட்டுக் காணொளிகள் அவர் பக்கத்தில் வந்து குவிவதில்லை.

விளம்பரம்தான் அவரை மிகவும் கலக்கியது. பாலையா தவிலில் கை வைக்கும் நேரத்தில் சவர்க்கார விளம்பரம் வந்தால் யாருக்குத்தான் பொறுக்கும்? தன் கை பட்டுப் படம் மாறிவிட்டதாக அவர் நினைத்தார். விளம்பரம் என்று தெரிந்துகொள்ள இரண்டு அடையாளங்களை மகள் காட்டினாள்: ஓரத்தில் மஞ்சள் கோடு அல்லது விளம்பரம் என்ற குறிப்பு வரும், பலவற்றில் ஐந்து விநாடி கழித்து `Skip` என்ற சொல் தெரியும். அது தெரிந்தால் நடுப்பொத்தான். தெரியாவிட்டால் ஒன்றும் செய்யாமல் இருந்தால் போதும், படம் தானாகவே திரும்பி வரும். படம் முடிந்ததும் வேறேதோ தானாக ஓடத் தொடங்காமல் இருக்க `Settings` இல் `Autoplay` ஐ நிறுத்தி வைத்தோம். ஒலி அமைப்பிலும் சினிமாவுக்கு உரியதை விட்டுப் பேச்சுக்கு உரியதைத் தெரிவு செய்தோம். ஒலியின் அளவைக் கூட்டாமலே வசனம் அவருக்குத் தெளிந்தது.

படத்தை மூன்று மாலைகளாகப் பிரித்துப் பார்த்தார்கள். இரண்டாம் மாலை நான் குசினியில் இருந்தபடி கேட்டுக்கொண்டிருந்தேன். நாதஸ்வரமும் தவிலும் ஒன்றையொன்று துரத்தும் ஒரு இடத்தில் படம் சட்டென நின்றது. நிறுத்தியவர் அம்மப்பா. அவராகவே, யாரும் சொல்லாமல். வலக்கை விரல்களில் தவில்காரர் ஏன் கூடு போடுகிறார், இடப்பக்கம் ஏன் தடியால் அடிக்கிறார் என்று சொல்லி, தன் தொடையில் தட்டிக் காட்டினார். மகள் அதை மிருதங்கச் சொல்லாக மாற்றிச் சொல்லிப் பார்த்தாள். பிறகு அவர் இடது அம்பை மூன்று தரம் அழுத்தி அதே இடத்தை மறுபடி போட்டார். அந்தக் காட்சி தியேட்டரில் ஒரு தரம்தான் கிடைத்திருக்கும்.

இப்போது ‘காக்கா முட்டை’யின் முறை. தவறிய வசனத்துக்கு இடது அம்பு இருக்கிறது என்று அவருக்குத் தெரியும். விளங்காத சென்னைச் சொல்லுக்கு நிறுத்திவிட்டுப் பேத்தியைக் கேட்பார், அவளுக்கும் தெரியாவிட்டால் இருவரும் ஊகிப்பார்கள். பாட்டி வரும் பகுதியைப் பற்றி அவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டேன். பார்ப்போம் என்றார். ‘பொன்மணி’க்கு ஓரளவாவது தெளிவான பிரதி கிடைக்கும்வரை காத்திருக்கிறோம். அதைப் பார்க்கும்போது தம்பியும் தொலைபேசியில் இணைவான். அன்று ரிமோட் அம்மப்பாவின் கையில் இருக்க வேண்டும் என்று மகளிடம் சொல்லி வைத்திருக்கிறேன், எங்கே நிறுத்திப் பேசுவது என்பதை அவரே தீர்மானிப்பதற்காக.